போனஸ், பணிக்கொடை: ஒதுக்கும் ஆண்டும் கொடுக்கும் ஆண்டும்

மேல்நிலை வகுப்பில் இறுதிக் கணக்குகள் நடத்தும்போது கொடுபட வேண்டிய சம்பளம், தேய்மானம், வாரா ஐயக்கடன் ஒதுக்கு ஆகிய மூன்று சரிக்கட்டுதல்களையும் மாணவர்கள் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். பணியாளர்களுக்கான போனஸும் பணிக்கொடையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். ஆனால் இவற்றைக் கணக்கு என்று கேட்டால், பத்துக்கு எட்டுப் பேர் பணம் கையை விட்டுப் போகும் நாளில் இலாப நட்டக் கணக்கில் செலவாக எழுதிவிடுகிறார்கள். மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. சிறு தொழில் நடத்தும் பலரும் ஏட்டில் அப்படித்தான் எழுதி வருகிறார்கள். வணிகவியல் முடித்த நம் மாணவர்கள் முதலில் வேலைக்குப் போவது இத்தகைய இடங்களுக்குத்தான் என்பதால், இந்தப் பாடத்தை ஒரு முழு உதாரணத்தோடு நடத்துவது பயன் தரும்.

உதாரணத்துக்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனை அச்சகம்தான். பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள், இயந்திரங்கள் மின்சாரத்தில் ஓடுகின்றன. கணக்காண்டு மார்ச் 31இல் முடிகிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் மின்சக்தியோடு இயங்கியதால் அப்போதைய சட்டப்படி இது தொழிற்சாலை. ஆகவே அப்போது நடப்பில் இருந்த 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம், 1972ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டம் இரண்டின் கீழும் வந்தது. நாம் பார்க்கப்போவது 2022-23, 2023-24 ஆகிய இரண்டு கணக்காண்டுகள்.

போனஸ்: தீபாவளிக்கும் மார்ச்சுக்கும் உள்ள இடைவெளி

போனஸ் என்றதும் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது தீபாவளி. அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். 2023 தீபாவளிக்குக் கொடுத்த போனஸ் எந்த வேலைக்கானது? 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை செய்த வேலைக்கானது. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் போனஸ் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மார்ச் 31இல் ஆண்டை முடிப்பவர்களுக்கு அந்தக் கெடு நவம்பர் 30. தீபாவளி எப்போதும் அதற்குள் வந்துவிடுவதால் சட்டமும் வழக்கமும் மோதுவதில்லை. ஆனால் வேலை ஓர் ஆண்டிலும் பணம் அடுத்த ஆண்டிலும் விழுகின்றன. கணக்கு எழுதுபவருக்கு வேலை இங்கேதான் இருக்கிறது.

2022-23இல் நம் அச்சகம் கொடுத்த மொத்தச் சம்பளம் ரூ.18,00,000. யாருடைய சம்பளமும் மாதம் ரூ.21,000ஐத் தாண்டவில்லை, எல்லோரும் ஆண்டில் 30 நாட்களுக்கு மேல் வேலை செய்திருக்கிறார்கள். எனவே அனைவருக்கும் போனஸ் உண்டு. சட்டம் சொல்லும் குறைந்த அளவு 8.33 சதவீதம், உச்ச அளவு 20 சதவீதம். 8.33 என்ற இந்த வினோத எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் மாணவனிடம் நூறைப் பன்னிரண்டால் வகுக்கச் சொன்னால் போதும், அது ஒரு மாதச் சம்பளம். சதவீதத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கும் அப்போதைய சட்டத்தில் ஒரு வரம்பு இருந்தது. மாதம் ரூ.7,000 அல்லது அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி, இவற்றில் எது அதிகமோ அது. நம் அச்சக உரிமையாளர் முழுச் சம்பளத்தின் மீதே கொடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம், கணக்கு எளிதாகும்.

மார்ச் 31, 2023 அன்று எத்தனை சதவீதம் என்று இன்னும் பேசி முடிவாகவில்லை. 8.33க்குக் குறையாது என்பது மட்டும் உறுதி. தொகை துல்லியமாகத் தெரியாமல், கடமை மட்டும் உறுதியாக இருப்பதால் இதனைக் கொடுபட வேண்டிய செலவு என்பதைவிட ஒதுக்கு என்று அழைப்பதே பொருத்தம். அன்று எழுத வேண்டிய பதிவு:

போனஸ் க/கு … பற்று ரூ.1,49,940
போனஸ் ஒதுக்கு க/கு … வரவு ரூ.1,49,940

போனஸ் கணக்கு 2022-23 இலாப நட்டக் கணக்கின் பற்றுப் பக்கத்துக்குப் போகிறது. போனஸ் ஒதுக்கு இருப்புநிலைக் குறிப்பில் நடப்புப் பொறுப்பாக நிற்கிறது.

நவம்பர் 2023. பேச்சுவார்த்தையில் பத்து சதவீதம் என்று முடிவாகி, தீபாவளிக்கு முன் ரூ.1,80,000 வங்கி மூலம் கொடுக்கப்படுகிறது. இப்போது பதிவு:

போனஸ் ஒதுக்கு க/கு … பற்று ரூ.1,49,940
போனஸ் க/கு … பற்று ரூ.30,060
வங்கி க/கு … வரவு ரூ.1,80,000

முதல் வரிதான் பாடம். சென்ற ஆண்டு ஒதுக்கிய தொகை இலாப நட்டக் கணக்கை ஏற்கெனவே ஒருமுறை தொட்டுவிட்டது. இப்போது அது பொறுப்பைத் தீர்க்கிறது, அவ்வளவே. இரண்டாவது வரியில் உள்ள ரூ.30,060 நம் மதிப்பீடு குறைவாக இருந்ததன் விளைவு. இது 2023-24 செலவாகவே போகும். பழைய ஆண்டின் கணக்கைத் திறந்து திருத்த வேண்டியதில்லை. மதிப்பீடு மாறுவது பிழை அல்ல என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். உரிமையாளர் ஒவ்வோர் ஆண்டும் பத்து சதவீதம் கொடுப்பவர் என்றால், அடுத்த மார்ச்சில் 8.33ஐ வைத்து ஒதுக்குவதில் பொருளில்லை. பத்தையே வைக்க வேண்டும்.

மாணவன் முழு ரூ.1,80,000ஐயும் போனஸ் கணக்கில் பற்று வைத்தால் என்ன ஆகும்? போனஸ் ஒதுக்கு கணக்கு ரூ.1,49,940 வரவு இருப்போடு அசையாமல் நிற்கும். அடுத்த மார்ச்சில் மீண்டும் ஒதுக்கினால் இரண்டு ஆண்டுத் தொகை சேர்ந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, போனஸ் கொடுத்து முடித்த நாளில் அந்தப் பேரேட்டைத் திறந்து பார்ப்பது. அங்கே இருப்பு பூச்சியமாக இருக்க வேண்டும். ஆளே இல்லாத ஒரு பொறுப்பு அங்கே உட்கார்ந்திருந்தால், செலவு இரட்டிப்பாக எழுதப்பட்டிருக்கிறது.

பணிக்கொடை: பதினைந்து நாள் கூலி, ஒவ்வோர் ஆண்டுக்கும்

போனஸ் ஓர் ஆண்டில் பிறந்து அடுத்த ஆண்டில் தீர்ந்துவிடும். பணிக்கொடை அப்படியல்ல, ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டே போகும். தொடர்ந்து ஐந்தாண்டு பணி செய்தவர் விலகும்போது, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் கூலி அவருக்கு உரியது. இறப்பு அல்லது உடல் ஊனத்தால் பணி நின்றால் ஐந்தாண்டு நிபந்தனை இல்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் கூலி என்பது கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியுமாக இருந்தது. உச்சவரம்பு 2018 முதல் ரூ.20 லட்சம். வாய்பாடு:

கடைசி மாதக் கூலி × 15 ÷ 26 × பணி ஆண்டுகள்

பெரும்பாலான மாணவர்கள் 26 இருக்கும் இடத்தில் 30 போடுவார்கள். மாதத்தில் வார விடுமுறை நாட்கள் நீங்கலாக வேலை நாட்கள் 26 என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே முதலில் மாதக் கூலியை 26ஆல் வகுத்து ஒரு நாள் கூலியைக் காணச் சொல்லுங்கள். பிறகு பதினைந்தால் பெருக்கட்டும். வாய்பாடாக மனப்பாடம் செய்தவன் 30 போடுவான், நாள் கூலியாகப் புரிந்துகொண்டவன் போட மாட்டான்.

நம் அச்சகத்தின் மூத்த ஆபரேட்டர் ஏப்ரல் 1, 2015இல் சேர்ந்தவர். மார்ச் 31, 2022 அன்று அவருடைய கூலி ரூ.13,000. ஒரு நாளுக்கு ரூ.500, பதினைந்து நாளுக்கு ரூ.7,500. ஏழு ஆண்டுக்கு ரூ.52,500. அடுத்த ஆண்டில் அவருக்குக் கூலி ரூ.14,300 ஆக உயர்கிறது. நாள் கூலி ரூ.550, பதினைந்து நாளுக்கு ரூ.8,250. மார்ச் 31, 2023 அன்று எட்டு ஆண்டுக்கு ரூ.66,000.

2022-23ஆம் ஆண்டுக்கு இவர் கணக்கில் எவ்வளவு ஒதுக்க வேண்டும்? வகுப்பில் உடனே வரும் விடை ரூ.8,250. ஓர் ஆண்டு வேலை, பதினைந்து நாள் கூலி, சரிதானே என்பார்கள். ஆனால் மொத்தப் பொறுப்பு ரூ.52,500இலிருந்து ரூ.66,000க்கு ஏறியிருக்கிறது, அதாவது ரூ.13,500. மீதி ரூ.5,250 எங்கிருந்து வந்தது? நாள் கூலியில் ஏறிய ஐம்பது ரூபாய் இந்த ஆண்டோடு நிற்கவில்லை. முந்தைய ஏழு ஆண்டுகளுக்கும் பதினைந்து நாள் வீதம் பின்னோக்கிச் சென்று சேர்கிறது. 50 × 15 × 7 போட்டால் ரூ.5,250. பணிக்கொடை கடைசிக் கூலியில் கணக்கிடப்படுவதன் நேரடி விளைவு இது. கூலி உயர்வு கொடுத்த மாதத்தில் உரிமையாளர் கண்ணில் படுவது ரூ.1,300 மட்டுமே. மூத்த பணியாளருக்குக் கொடுக்கும் உயர்வு பழைய ஆண்டுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது என்பது ஒதுக்கு எழுதும்போதுதான் தெரிய வரும்.

பைண்டிங் பிரிவில் உள்ள பெண் ஏப்ரல் 1, 2020இல் சேர்ந்தவர். மார்ச் 2023இல் அவருடைய கூலி ரூ.11,700. நாளுக்கு ரூ.450, ஆண்டுக்கு ரூ.6,750, மூன்று ஆண்டுக்கு ரூ.20,250. இவருக்கு இன்னும் ஐந்தாண்டு ஆகவில்லை. ஒதுக்க வேண்டுமா என்று ஒரு மாணவராவது கேட்பார், நல்ல கேள்வி. உரிமை ஐந்தாம் ஆண்டில்தான் கிடைக்கிறது. ஆனால் அதற்கான உழைப்பு முதல் நாளிலிருந்தே நடக்கிறது. ஐந்தாம் ஆண்டில் திடீரென்று ஐந்தாண்டுச் செலவையும் ஒரே ஆண்டில் சுமத்துவது நியாயமான இலாபத்தைக் காட்டாது. பெரிய நிறுவனங்கள் பணியாளர் எத்தனை பேர் இடையில் விலகக்கூடும் என்பது உட்பட எல்லாவற்றையும் கணித்துச் சொல்லக் காப்பீட்டுக் கணிப்பாளரை அமர்த்துகின்றன. சராசரியாக ஐம்பது பேருக்குக் குறைவான சிறு நிறுவனங்களுக்குக் கணக்கியல் தரநிலை 15 ஒரு சலுகை தருகிறது. ஆண்டின் கடைசி நாளில் எல்லாப் பணியாளருக்கும் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தால் எவ்வளவு ஆகும் என்ற அடிப்படையில் கணக்கிட்டுக்கொள்ளலாம். நம் அச்சகம் செய்வது அதைத்தான். ஆகவே பைண்டிங் தொழிலாளியும் பட்டியலில் இருக்கிறார்.

பன்னிரண்டு பேருக்கும் இப்படிப் பட்டியலிட்டால் மார்ச் 31, 2023 அன்று தேவைப்படும் ஒதுக்கு ரூ.4,98,000 என்று வைத்துக்கொள்வோம். பேரேட்டில் ஏற்கெனவே உள்ள தொடக்க இருப்பு ரூ.3,75,000. வித்தியாசமே இந்த ஆண்டின் செலவு:

பணிக்கொடை க/கு … பற்று ரூ.1,23,000
பணிக்கொடை ஒதுக்கு க/கு … வரவு ரூ.1,23,000

வாரா ஐயக்கடன் ஒதுக்கில் புதிய ஒதுக்குக்கும் பழைய ஒதுக்குக்கும் வித்தியாசம் பார்ப்பது மாணவர்களுக்குத் தெரியும். அதே முறை என்று நினைவூட்டினால் பாதி வேலை முடிந்தது. இருப்புநிலைக் குறிப்பில் இது நீண்டகாலப் பொறுப்பு. அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் ஓய்வு பெறவிருப்பவரின் பங்கை மட்டும் நடப்புப் பொறுப்பில் பிரித்துக் காட்ட வேண்டும்.

ஆபரேட்டர் ஓய்வு பெறுகிறார்

அக்டோபர் 31, 2023 அன்று மூத்த ஆபரேட்டர் ஓய்வு பெறுகிறார். கூலி அதே ரூ.14,300. பணிக்காலம் எட்டு ஆண்டு ஏழு மாதம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகக் கொள்ளப்படும் என்பதால் ஒன்பது ஆண்டு. 8,250 × 9 = ரூ.74,250. முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

பணிக்கொடை ஒதுக்கு க/கு … பற்று ரூ.74,250
வங்கி க/கு … வரவு ரூ.74,250

ஓய்வு பெறும் நாளும் பணம் கொடுக்கும் நாளும் வேறாக இருந்தால் இடையில் அவர் பெயரில் கொடுபட வேண்டிய பணிக்கொடைக் கணக்கு ஒன்று வரும். ஒதுக்கைப் பற்று வைத்து அதை வரவு வைக்கலாம், பணம் கொடுக்கும் நாளில் அதைத் தீர்க்கலாம்.

இங்கே கவனமுள்ள மாணவர் ஒருவர் எழுந்து, அவருக்காக ஒதுக்கியது ரூ.66,000தானே, மீதி ரூ.8,250ஐ எப்படி ஒதுக்கிலிருந்தே எடுக்கலாம் என்று கேட்கலாம். எடுக்கலாம். ஒதுக்கு தனித்தனி உண்டியல் அல்ல, பன்னிரண்டு பேருக்கும் பொதுவான ஒரே கணக்கு. அந்த ரூ.8,250 ஆண்டிறுதியில் தானாகவே செலவில் வந்து விழும். பார்ப்போம். தொடக்க இருப்பு ரூ.4,98,000இல் ரூ.74,250 போக மீதி ரூ.4,23,750. மார்ச் 31, 2024 அன்று எஞ்சிய பதினொருவருக்குத் தேவைப்படும் ஒதுக்கு ரூ.5,10,000 என்று பட்டியல் காட்டுகிறது. ஆண்டுச் செலவு ரூ.86,250. இதைப் பிரித்துப் பார்த்தால், பதினொருவருக்கும் இருந்த பொறுப்பு ரூ.4,32,000இலிருந்து ரூ.5,10,000 ஆகியிருக்கிறது, அது ரூ.78,000. ஆபரேட்டரின் கடைசி ஏழு மாதத்துக்கு ரூ.8,250. இரண்டும் சேர்ந்தால் ரூ.86,250.

கரும்பலகையில் பேரேட்டை வரைந்து காட்டும்போது ஆபரேட்டரின் போனஸையும் மறக்க வேண்டாம். தீபாவளிக்கு வாங்கியது 2022-23க்கானது. 2023-24இல் அவர் ஏழு மாதம் உழைத்திருக்கிறார், கூலி ரூ.1,00,100. பத்து சதவீதம் என்றால் ரூ.10,010 அவருக்கு 2024இல் கொடுக்க வேண்டியிருக்கும். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் மார்ச் 2024 போனஸ் ஒதுக்கில் இவரை விட்டுவிடுவது நடைமுறையில் அடிக்கடி நிகழும் பிழை. மார்ச் மாதப் பட்டியலைப் பார்க்காமல் ஆண்டு முழுவதற்குமான மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டால் இந்தப் பிழை வராது.

ஐந்தாண்டுக்கு முன் விலகினால்

பைண்டிங் தொழிலாளி ஜனவரி 31, 2024இல் வேறு அச்சகத்துக்குப் போய்விடுகிறார் என்று கதையைச் சற்று மாற்றுவோம். பணிக்காலம் மூன்று ஆண்டு பத்து மாதம். அவருக்குப் பணிக்கொடை இல்லை. ஒதுக்கிய ரூ.20,250 என்ன ஆகும்? தனியாக எந்தப் பதிவும் வேண்டாம். ஆண்டிறுதிப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது, அவ்வளவுதான். அவர் இருந்திருந்தால் நான்கு ஆண்டுக்கு ரூ.27,000 சேர்ந்திருக்கும். அது நீங்கினால் தேவைப்படும் ஒதுக்கு ரூ.4,83,000. பேரேட்டில் உள்ள ரூ.4,23,750 போக ஆண்டுச் செலவு ரூ.59,250 மட்டும். முன்பு அதிகமாக ஒதுக்கியது இந்த ஆண்டின் செலவைக் குறைத்துத் தானே சரியாகிவிடுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தை முன்கூட்டியே தீர்த்துவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் முழு ஆண்டு என்ற விதி தொகையைக் கணக்கிடுவதற்கு மட்டுமே. தகுதியைத் தீர்மானிப்பதற்கு அல்ல. நான்கு ஆண்டு ஏழு மாதத்தை ஐந்து என்று முழுமையாக்கி ஒருவருக்குத் தகுதி வந்துவிட்டது என்று எழுதக்கூடாது. முதலில் தகுதி, பிறகு முழுமையாக்கல் என்ற வரிசையில் நடத்தினால் மாணவர்கள் தடுமாற மாட்டார்கள்.

பணம் எங்கே இருக்கிறது?

ஐந்து லட்சம் ஒதுக்கியிருக்கிறோமே, அந்தப் பணம் எங்கே என்று கேட்காத வகுப்பு இல்லை. எங்கும் தனியாக இல்லை. ஒதுக்கு என்பது ஏட்டில் ஒரு பொறுப்பு. அதற்கு எதிரான பணம் தாளாகவும் மையாகவும் இயந்திரமாகவும் தொழிலில் சுழன்றுகொண்டிருக்கும். ஒரே ஆண்டில் மூன்று மூத்தவர்கள் ஓய்வு பெற்றால் உரிமையாளர் திணறுவது இதனால்தான். அதைத் தவிர்க்கச் சிலர் எல்.ஐ.சி.யின் குழுப் பணிக்கொடைத் திட்டத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டுகிறார்கள். வகுப்பு அளவில் இதை இப்படி எழுதலாம்:

பணிக்கொடை நிதி முதலீட்டு க/கு … பற்று
வங்கி க/கு … வரவு

இங்கே செலவுக் கணக்கு எதுவும் பற்று வைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். செலவு ஒதுக்கு எழுதும்போதே வந்துவிட்டது. கட்டிய தவணையையும் செலவாக எழுதினால், போனஸில் பார்த்த அதே இரட்டிப்பு வேறு வேடத்தில் வரும். இருப்புநிலைக் குறிப்பில் நிதியைப் பொறுப்பிலிருந்து கழித்து மீதியைக் காட்டுவது தரநிலையின் முறை. ஓய்வு பெறுபவருக்கு நிதியிலிருந்து பணம் வரும்போது பணிக்கொடை ஒதுக்கு பற்று, நிதி முதலீடு வரவு.

வருமான வரிக் கணக்கு வேறு வழியில் போகும். வெறும் பணிக்கொடை ஒதுக்கை வரிச் சட்டம் செலவாக ஏற்பதில்லை. உண்மையில் கொடுத்ததையும், அங்கீகரிக்கப்பட்ட நிதியில் கட்டியதையும் ஏற்கும். அதற்காக ஏட்டில் ஒதுக்கு எழுதாமல் விடக்கூடாது. வரிக்கான கணக்கீட்டில் தனியாகச் சரிக்கட்டிக்கொள்ள வேண்டும். தணிக்கையாளர் அலுவலகத்துக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் முதல் மாதத்திலேயே இதைச் சந்திப்பார்கள்.

சார், உங்களுக்கு அரசாங்கம் இப்படி ஒதுக்கி வைக்கிறதா என்ற கேள்வியும் வரும். அரசுக் கணக்குகள் ரொக்க அடிப்படையில் எழுதப்படுபவை, பணம் கருவூலத்திலிருந்து வெளியேறும் ஆண்டில்தான் செலவு. அதே பணிக்கொடை, இரண்டு அடிப்படை, இரண்டு விதமான பதிவு. ரொக்க அடிப்படைக்கும் நிகழ்வு அடிப்படைக்கும் வேறுபாடு கேட்டு வரும் வினாவுக்கு, பாடநூலில் உள்ள வாடகை உதாரணத்தைவிட இது மாணவர்கள் மனத்தில் நிற்கிறது.